அம்மா சொல்லாத திகதி

பிரசவ விடுமுறையை எண்ணத் தொடங்கினால் மனம் ஒரு இடத்தில் நிற்காது. அரசாங்க உத்தியோகத்தில் அதை வேலை நாட்களாகத்தான் எண்ணுவார்கள். சனி, ஞாயிறு சேராது. பிள்ளை பிறக்குமுன் நாம் எடுக்கிற ஒவ்வொரு நாளும் பிறந்தபின் பிள்ளையோடு கிடக்கிற நாளிலிருந்து கழிந்துபோகும். அதனால் எங்கள் காலத்து ஆசிரியைகள் கால் வீங்க வீங்கக் கடைசிக் கிழமைவரை கரும்பலகைக்கு முன்னால் நின்றார்கள். நானும் அப்படித்தான் நிற்பது என்று முடிவுகட்டியிருந்தேன். நான் ஒன்றை முடிவுகட்டினால் பிறகு எனக்கே அதை அவிழ்க்கத் தெரியாது.

ஆனால் நான் நின்ற இடம் அதற்கு ஏற்றதல்ல. அது சண்டைக் காலம். மன்னார்த் தீவு இராணுவத்தின் கையில் இருந்தது. நான் படிப்பித்த சின்னப் பள்ளிக்கூடம் பெருநிலத்தில், கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீர் பாயும் வயல்களுக்கு நடுவில், போராடிய இயக்கத்தின் கையில் இருந்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு பாதை. அது திறந்திருக்கும் நாட்களில் அனுமதிப் பாஸ் எடுத்து, வரிசையில் நின்று, பையைக் கொட்டிக் காட்டி, ஆளில்லாத வெளியை நடந்து கடக்கலாம். பூட்டினால் பூட்டினதுதான். எப்போது திறக்கும் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

ஆஸ்பத்திரியும் டொக்டரும் தீவில். அம்மாவும் தீவில். கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்த என் கணவரும் தீவில். பள்ளிக்கூடப் பக்கத்தில் இருந்த மருந்தகத்தில் காய்ச்சலுக்கு மாத்திரை கிடைக்கும்; மருத்துவிச்சியின் பதவி வெற்றிடமாகக் கிடந்தது. ஆகவே என் கணக்கு எளிமையானது. முந்திப் போனால் பிள்ளையோடு இருக்கும் நாள் குறையும். பிந்திப் போய், அதற்குள் பாதை பூட்டிவிட்டால், முதல் பிள்ளையை ஒரு அடுப்படியில், குசினி நிலத்தில் தனியாகப் பெற வேண்டி வரும். நான் மெலிந்த உடம்புக்காரி. அம்மாவுக்கு அந்தப் பயம் முகத்தில் எழுதியிருந்தது. எனக்கும் இருந்தது, ஆனால் நான் காட்டவில்லை.

டிசெம்பர் விடுமுறையில்தான் அம்மா என்னைக் கிளினிக்குக் கூட்டிப் போனா. அதற்கு முன் ஓகஸ்ட் விடுமுறை முழுக்க நான் வீட்டில் இருந்தேன். இடைப்பட்ட மாதங்களில் தீவுக்கு வரப் பாஸ் கிடைக்கவில்லை. கிளினிக்கில் நல்ல கூட்டம். சுவரோரத்து வாங்குப் பலகையில் இருந்த பெண்கள் எல்லோரும் கையில் ஒரு சிறுநீர்ப் போத்தலை முந்தானையால் மூடி வைத்திருந்தார்கள். மருந்து மணத்துக்குள் எனக்குக் கண் சொக்கிக்கொண்டு வந்தது. அந்த மாதங்களில் நான் பாதி விழிப்பில்தான் நடமாடினேன். யாராவது பேசினால் தண்ணீருக்கு அடியில் இருந்து கேட்பதுபோல இருக்கும்.

தாதி என்னை மறைப்புக்குப் பின்னால் நிறுத்தி நிறை பார்த்தா. பிறகு கையில் பட்டியைச் சுற்றி இரத்த அழுத்தம் பார்த்தா. அந்த நேரம் மறைப்புக்கு இந்தப் பக்கம் டொக்டர் அம்மாவிடம் ஏதோ கேட்டார். அம்மா ஏதோ சொன்னா. நான் கவனிக்கவில்லை. வெளியில் வந்தபோது மருத்துவச் சான்றிதழில் என் பிரசவம் எதிர்பார்க்கப்படும் திகதி எழுதியாகிவிட்டது. யூன் மாதம், முதலாம் கிழமை. டொக்டர் எழுதியதை நான் ஏன் திருப்பிக் கேட்கப்போகிறேன். பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவள் என்ற பெயர் எனக்கு. என் சொந்தக் கணக்கை விரலில் எண்ணிப் பார்க்க வெட்கப்பட்டுக்கொண்டு அந்தத் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன்.

எங்கள் கரைப் பெண்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பிள்ளை பிறக்கப்போகிற நாளை ஊருக்கு உள்ளபடி சொல்லமாட்டார்கள். மேயில் என்றால் யூன் என்பார்கள். கோயிலில், சந்தையில், கருவாடு காயப்போடுகிற வாடியில் யார் கேட்டாலும் ஒரு மாதம் தள்ளித்தான் சொல்வார்கள். உள்ள நாளைச் சொன்னால் பொல்லாத கண் அந்த நாளில் வந்து காத்துக்கொண்டிருக்குமாம். தள்ளிச் சொன்னால், கண் வந்து சேருமுன் பிள்ளை பிறந்து அழுதுவிடுமாம். ஞானஸ்நானம் பெற்று, செபமாலை சொல்லி, வெள்ளிக்கிழமை மச்ச மாமிசம் தொடாமல் இருக்கிற சனம்தான் இதையும் செய்தது. எனக்குச் சிரிப்பு வரும். ஆனாலும் ஊரில் யாராவது கேட்டால் நானும், "யூலை எண்டு சொன்னவை" என்று சொல்லிவிட்டு நடப்பேன். அம்மாவோடு யார் சண்டை பிடிப்பது.

தீவில் இருந்த கல்வி அலுவலகத்துக்கு, எங்கள் கந்தோருக்கு, பொய் சொல்ல முடியாது. அதில் நான் கண்டிப்பு. புதுவருடம் பிறந்து பள்ளிக்கூடம் திரும்பியதும் விடுமுறை விண்ணப்பத்தை நிரப்பினேன். விடுமுறையின் வகை, காரணம், தொடங்கும் திகதி, விடுமுறையில் தங்கும் முகவரி. தொடங்கும் திகதிக்கு மே மாதம் கடைசிக் கிழமையை எழுதினேன். பிரசவத்துக்கு ஒரு கிழமை முன்பு போனால் போதும் என்று என் துணிவு. ஓகஸ்டில் புலமைப்பரிசில் சோதனை. என் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பின்னக் கணக்காவது முடித்துவிட்டுப் போக வேண்டும். சான்றிதழை மேலே குத்தி அதிபரிடம் கொடுத்தேன். இவ்வளவு மாதத்துக்கு முன்பே ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கடிதம் கந்தோருக்குப் போய்ப் பதிலோடு வர எவ்வளவு காலம் எடுக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்குப் பதிலாக ஒரு பதில் ஆசிரியரைத் தேடிப் பிடிக்கவும் கந்தோருக்கு நேரம் வேண்டும்.

அதிபரும் எங்கள் கரைக்காரர்தான். தீவுக்காரர் இல்லை, தெற்கே முள்ளிக்குளம் பக்கம். நாலு பிள்ளைகளின் தகப்பன். சம்பளம் எடுக்க மாதம் ஒருமுறை பாஸ் எடுத்துக் கந்தோருக்குப் போகிறவர் அவர் ஒருவர்தான். என் விண்ணப்பத்தை மூக்குக்கண்ணாடியைத் தூக்கித் தூக்கி வாசித்தார். சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தார். திரும்பவும் விண்ணப்பத்தைப் பார்த்தார்.

"சரி பிள்ளை. நான் ஒரு கடிதமும் வைச்சு அனுப்பிவிடுறன்" என்றார்.

பிறகு இரண்டு மாதம் கனவு மாதிரிப் போயிற்று. நான் தங்கியிருந்தது மலையகத்திலிருந்து வந்து குடியேறிய ஒரு குடும்பத்தின் வீட்டில். புருசனும் மனைவியும் விடிய வயலுக்குக் கூலிக்குப் போய்ப் பொழுதுபட வருவார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் நான் குளக்கட்டில் போய் இருப்பேன். தண்ணீருக்குள் பட்டுப்போன மரங்கள் நிற்கும். அவற்றில் நீர்க்காகங்கள் செட்டையை விரித்துக் காயப்போடும். எருமைகள் மூக்கு மட்டும் தெரிய மிதக்கும். தூரத்தில் எங்கோ ஷெல் விழுகிற சத்தம் கேட்கும். அது இடி அல்ல என்று தெரிந்தும், மழை வரப்போகிறது என்று மனம் நினைக்கும். வயிற்றுக்குள் பிள்ளை திரும்பும்போது குளத்தின் தண்ணீரும் ஒருதரம் அசைவதாகத் தோன்றும். அப்போது எனக்கு இருந்த சந்தோசத்தை இன்றுவரை யாருக்கும் சரியாகச் சொன்னதில்லை. சண்டை நடக்கிற ஊரில், சாம்பல் நிற வெளிச்சத்தில், நான் அவ்வளவு சந்தோசமாக இருந்தேன்.

வீட்டுக்கார அக்கா ஒருநாள் என் வயிற்றை உற்றுப் பார்த்தா.

"டீச்சர், எத்தன மாசம்னீங்க?"

"ஆறு முடியுது."

"எனக்கு அப்படித் தெரியலயே. நான் அஞ்சு பெத்தவ. ஏழு தாண்டின வயிறு மாதிரியில்ல இருக்கு."

"ரெட்டையாக்கும்" என்று சொல்லிச் சிரித்தேன். அவ சிரிக்கவில்லை.

மார்ச் மாதச் சம்பளத்தோடு அதிபர் கந்தோர்க் கடிதத்தையும் கொண்டுவந்தார். விடுமுறை அனுமதிக்கப்பட்டிருந்தது. ஆனால் தொடக்கத் திகதி மே கடைசி அல்ல. ஏப்ரல் விடுமுறை முடிந்து இரண்டாம் தவணை தொடங்குகிற அதே நாள். ஒரு மாதத்துக்கு மேல் முந்தி. எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. வகுப்பை அப்படியே விட்டுவிட்டு அவருடைய மேசைக்கு முன்னால் போய் நின்றேன்.

"சேர், நான் மே கடைசி எண்டெல்லோ எழுதினனான்."

"ஓம். நான்தான் முந்திக் கேட்டு எழுதினனான்."

"என்ர லீவை நீங்கள் எப்பிடி முந்திக் கேப்பியள்?"

அவர் பேனையை மூடி வைத்தார். "பிள்ளை, நானும் கரையில பிறந்தவன்தான். எங்கட பொம்பிளையள் நாள் சொல்லுற விதம் எனக்குத் தெரியாதோ? என்ர மனுசி நாலுக்கும் ஒரு மாதம் தள்ளித்தான் சொன்னவ. மூண்டாவதுக்கு நான் அதை நம்பி நிண்டு, பிள்ளை பிறந்து நாலாம் நாள்தான் வீட்டை போனனான். இண்டைக்கும் அதுக்கு ஏச்சு வாங்குறன்."

"அது ஊருக்குச் சொல்லுறது, சேர். இது டொக்டர் எழுதின திகதி."

"டொக்டருக்கு ஆர் சொன்னது? அவர் என்ன வயித்துக்குள்ள போய்ப் பாத்தவரோ? உங்கட ஆக்கள் சொல்லுற நாளில இருந்துதானே அவர் எண்ணுறார்."

"நான் பொய் சொல்லயில்லை."

"நான் அப்பிடிச் சொல்லயில்லையே" என்றார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கலண்டரைப் பார்த்துக்கொண்டு, "தவணை விடுமுறை எப்ப விட்டது, எப்ப முடிஞ்சது எண்டும் எனக்குத் தெரியும்தானே" என்றார்.

அது என்ன கதை என்று எனக்கு விளங்கவில்லை. விளங்கியிருந்தால் அந்த இடத்திலேயே வெட்கத்தில் உருகிப் போயிருப்பேன். மனிதர் ஒழுக்கமானவர், அதற்கு மேல் ஒரு பெண்பிள்ளைக்கு முன்னால் வாய் திறக்கமாட்டார். அத்தோடு அவருக்கு இன்னொரு காரணமும் இருந்தது. இடம்பெயர்ந்து வந்த ஆசிரியர் ஒருவர் கந்தோரில் பாடசாலை இல்லாமல் இருந்தாராம். இரண்டாம் தவணைக்கு அவரைக் கேட்காவிட்டால் வேறு பள்ளிக்கூடம் பிடித்துக்கொண்டு போய்விடும். இதை அவரே கடைசியில் வாய்தவறிச் சொன்னார். அப்போது எனக்குக் கோபம் இரட்டிப்பாயிற்று. தன் பள்ளிக்கூடத்துக்கு ஆள் பிடிக்க என் பிள்ளையின் ஒரு மாதத்தைக் கொடுத்துவிட்டார் என்றுதான் எனக்குப் பட்டது.

"ஏப்ரல் விடுமுறையில நான் கந்தோருக்குப் போய் மாத்துவன்" என்றேன்.

"போங்கோ. ஆனா வெயிலுக்கு முந்திப் போங்கோ" என்றார்.

ஏப்ரலில் தீவுக்கு வந்தேன். வெளியை நடந்து கடந்தபோது ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு வந்தேன். முன்பைவிட அது பாரமாக இருந்தது. வீட்டுக்கு வந்தால் அம்மா அனுமதிக் கடிதத்தைக் கேட்டு வாங்கி, கணவரைக்கொண்டு வாசிப்பித்துவிட்டு, என்றுமில்லாதபடி அதிபரைப் புகழ்ந்தா. "நல்ல மனிசன், நல்ல மனிசன்" என்று குசினிக்குள் அவவுடைய வாய் ஓயவில்லை. என் பக்கம் பேச யாரும் இல்லை என்று நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தேன். திருத்தப் போகிறேன் என்று மட்டும் அம்மாவிடம் சொல்லவில்லை.

உயிர்த்த ஞாயிறும் வருடப்பிறப்பும் முடிந்தன. விடுமுறையின் கடைசி வியாழக்கிழமை நான் கல்விக் கந்தோருக்கு வெளிக்கிட்டேன். என்ன அலுவல் என்று கேட்டதற்கு, "லீவு அலுவல்" என்று மட்டும் சொன்னேன். தனியே விடமாட்டேன் என்று அம்மாவும் குடையோடு வந்தா. தெருவில் கழுதைகள் நிழல் தேடிச் சுவரோடு சுவராக நின்றன. காவலரண்களைக் கடந்து, அடையாள அட்டையைக் காட்டிக் காட்டிப் போய்ச் சேர்ந்தோம். காலடியில் மணல் நெளிகிற மாதிரி எனக்கு இருந்தது. கடல் எந்தப் பக்கம் என்பதே மறந்துபோன மாதிரியும் இருந்தது.

விடுமுறை விடயம் பார்க்கிற கிளாக்கர் என் வயதுப் பெண். கரண்ட் இல்லை. கோப்பு மட்டையால் விசிறிக்கொண்டு இருந்தா. என்னைக் கதிரையில் இருக்கச் சொல்லி, அலுமாரியிலிருந்து என் கோப்பை எடுத்தா. அதில் என் விண்ணப்பம், அதன்மேல் சான்றிதழ், அதற்கும் மேல் அதிபரின் கடிதம்.

"உங்கட சேர் கேட்ட திகதியில இருந்துதான் கந்தோர்ப் பெரியவர் லீவு தந்திருக்கிறார். அந்த நாளுக்கே பதில் ஆசிரியருக்கும் கடிதம் போட்டாச்சு" என்றா.

"அது எனக்கு வேண்டாம். விண்ணப்பத்தில நான் எழுதின திகதியையே தாங்கோ. மே கடைசிவரை நான் படிப்பிப்பன்."

அவ சான்றிதழைப் பார்த்தா. "டியூ டேற் யூன் எண்டுதானே இருக்குது. அப்ப நீங்கள் கேக்கிறதில பிழையில்லை. அனுமதிச்ச திகதியைத் திருத்தச் சொல்லி ஒரு கடிதம் எழுதித் தாங்கோ. பெரியவர் உள்ளதான் இருக்கிறார், இப்பவே கையெழுத்து வாங்கித் தாறன். நல்லதுதானே டீச்சர், பிள்ளையோட கூட நாள் நிக்கலாம்."

எனக்கு அவவைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது. ஒரு தாளும் தந்தா. நான் மேசையில் குனிந்து எழுதத் தொடங்கினேன். அம்மா பின்னால் வாங்கில் இருந்தா.

"என்ன எழுதுறாய்?" என்று கேட்டா.

"லீவை மாத்துறன்."

"மாத்தினால்?"

"மாத்தினால் என்ன, திங்கட்கிழமை பள்ளிக்கூடம் தொடங்குது. நான் ஞாயிறு அங்கால போகோணும். பிறகு மே கடைசியில வருவன்."

 நான் திகதியை எழுதி, "ஐயா" என்பதற்குக் கீழே பொருளை எழுதிக்கொண்டிருந்தேன். அப்போது அம்மாவின் கை தாளின் மேல் வந்து படிந்தது. மீன் வெட்டி வெட்டிக் காய்த்துப்போன கை. எழுதின மை அதில் அப்பியது.

"எழுதாத" என்றா.

"கையை எடுங்கோ அம்மா."

"அது யூன் இல்லை."

கிளாக்கர் நிமிர்ந்து பார்த்தா. பக்கத்து மேசைக்காரரும் பார்த்தார். கந்தோருக்குள் அலுவலாக வந்து நின்ற நாலைந்து பேரும் திரும்பினார்கள். அதில் எங்கள் ஊர்க்காரி ஒருத்தியும் நின்றாள். அம்மாவுக்கு அது தெரியும். தெரிந்துகொண்டுதான் சொன்னா.

"மே மாதம். மே முதல் கிழமை. டொக்டர் கேட்டநேரம் நான்தான் ஒரு மாதம் தள்ளிச் சொன்னனான். இவளுக்குத் தெரியாது. இவள் ஓகஸ்டில வீட்டை நிண்டநேரமே எனக்குத் தெரியும். துணி தோய்க்கிறவளுக்குத் தெரியாதோ?"

அப்போதுதான் எனக்கு அதிபரின் கலண்டர் விளங்கிற்று. ஓகஸ்டில் நான் வீட்டில். செப்டெம்பர் முழுக்கக் கட்டுக்கரையில். யூனில் பிள்ளை பிறக்க வேண்டுமென்றால் செப்டெம்பரில் நான் தீவில் நின்றிருக்க வேண்டும். என் வகுப்பில் கடைசி வாங்குப் பிள்ளைகூட இந்தக் கணக்கைச் செய்திருக்கும். முகமெல்லாம் சூடாகி, நான் தாளையே பார்த்துக்கொண்டு இருந்தேன். வயிற்றுக்குள் பிள்ளை ஒரு உதை உதைத்தது.

கிளாக்கர் மெல்ல என் கையிலிருந்த பேனையை வாங்கினா. "அப்ப ஒண்டும் மாத்தத் தேவையில்லை டீச்சர். தந்த லீவு தந்தபடி இருக்கட்டும். பிள்ளை பிறந்தபிறகு பிறப்புச் சாட்சிப்பத்திரத்தின்ர பிரதியைக் கொண்டு வாங்கோ, கோப்பில போடுறன்" என்றா. அம்மாவின் கைக்குத் துடைக்க ஒரு துண்டுத் தாளும் கொடுத்தா.

வெளியில் வந்து கந்தோர் வளவில் இருந்த மரத்தடி வாங்கில் குந்தினோம். நான் சத்தம் போட்டேன். உண்மையாகவே போட்டேன். டொக்டரிடமும் பொய் சொல்லுவியளோ, நான் அங்கே கிடந்து செத்திருந்தால் என்ன செய்திருப்பியள் என்று கேட்டேன். அம்மா மை பட்ட உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு இருந்தா.

"விடுமுறைக்கு எப்பிடியும் வருவாய்தானே. வந்தபிறகு விடாமல் வைச்சிருக்கலாம் எண்டு நினைச்சன். பிறகு உங்கட சேர் எழுதின கடிதம் வந்ததும், கடவுளே காரியத்தை முடிச்சுத் தந்திட்டார் எண்டு இருந்தன்" என்றா. பிறகு, "உனக்கு முந்தி ஒண்டு இருந்தது" என்றா.

 நான்தான் அந்த வீட்டுத் தலைப்பிள்ளை என்று அதுவரை எனக்கு எண்ணம்.

"பெடியன். எனக்கு அப்ப சின்ன வயசு. சந்தோசத்தில நாளைச் சொல்லிச் சொல்லித் திரிஞ்சனான். கோயில்ல சொன்னன், சந்தையில சொன்னன், தண்ணி அள்ளுற இடத்தில சொன்னன். எல்லாரும் விரல் விட்டு எண்ணிக்கொண்டு இருந்தவை. சொன்ன நாளுக்கே பிறந்தவன். அழயில்லை. நான் அழும் அழும் எண்டு பாத்துக்கொண்டு கிடந்தன். அழவே இல்லை."

எங்களுக்கு முன்னால் வெயில் வெள்ளையாகக் கொட்டிக்கொண்டு இருந்தது.

"அதுக்குப் பிறகு நான் ஆருக்கும் ஒரு நாளும் சொன்னதில்லை. உன்ர நாளைக்கூட உன்ர அப்பாவுக்குச் சொல்லயில்லை. இண்டைக்கு அத்தனை சனத்துக்கு முன்னால சொல்லிப்போட்டன்" என்றா. பிறகு என் வயிற்றைப் பார்த்தா. தொடவில்லை. "இனி ஏதும் நடந்தால் அது என்ர வாயாலதான்."

கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. கண்ணும் முட்டிவிட்டது. அந்த மனிசியை நான் முப்பது வருடமாகத் தெரியாமலே தெரிந்து வைத்திருந்திருக்கிறேன். குடையை விரித்து அவவுக்குப் பிடித்தேன்.

பாதை சனிக்கிழமை மத்தியானம் பூட்டப்பட்டது. சோதனைச் சாவடிக்கு அங்கால் சண்டை. பதில் ஆசிரியர் என்னைவிடக் கெட்டிக்காரர். வெள்ளிக்கிழமையே கடந்து பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாராம். நான் மே கடைசி என்று எழுதி வாங்கியிருந்தால் ஞாயிறு போக முடியாமல் தீவிலேயே நின்றிருப்பேன் என்று நீங்கள் சொல்லலாம். நானும் அப்படிச் சொல்லி அம்மாவைத் தேற்றப் பார்த்தேன். ஆனால் என்னை எனக்குத் தெரியும். கையெழுத்து வாங்கிய கடிதம் கையில் இருந்திருந்தால் ஞாயிறுவரை பொறுக்காமல் அந்த வெள்ளிக்கிழமையே, அந்த ஆசிரியரோடு சேர்ந்தே கடந்திருப்பேன்.

பிறகு வந்த நாட்கள் நாட்களாகவே இருக்கவில்லை. காற்றுத் திரும்புகிற காலம். பகலில் இலை அசையாது. பின்னேரத்தில் சோளகக் காற்று மெல்லக் கிளம்பும், முற்றத்து மணலில் கோடு கீறிக்கொண்டு போகும். பெருநிலத்துப் பக்கமிருந்து வெடிச்சத்தம் கடல்மேல் மிதந்து வரும். நான் பாயில் சரிந்து கிடந்தேன். பின்னக் கணக்கும் பிள்ளைகளின் முகங்களும் குளத்து மரங்களும் ஒன்றுக்குள் ஒன்று கலந்தன. கண்ணை மூடினால் நீர்க்காகங்கள் கரும்பலகையில் இருந்து செட்டையை உலர்த்தும். என் கணவர் வேலையால் வந்ததும் என் காலைப் பிடித்துவிடுவார்.

அம்மாதான் மாறிப்போனா. கோயிலில் மாதாவின் வணக்கமாதம் தொடங்கியிருந்தது. பின்னேரம் போனால் எல்லோரும் கலைந்தபிறகுதான் வருவா. வீட்டில் என்னோடு முன்போலக் கதைப்பதில்லை. சோறு போடுவா, தலை வாரிவிடுவா; ஆனால் பார்வை என் முகத்தோடு நிற்கும், வயிற்றுக்கு இறங்காது. ஊர்க்காரிகள் வந்து, "மே எண்டு கேள்விப்பட்டம்" என்று இழுத்தால், அம்மா தலையைக் குனிந்துகொண்டு மீனை உரசுவா. மறுக்கவும் இல்லை. சொல்லியாகிவிட்டது, இனித் திருப்பி வாங்க முடியாது என்று அவவுக்கு இருந்திருக்கும்.

மே ஐந்தாம் திகதி விடிந்து வரும்போது பிள்ளை பிறந்தது. முதல்நாள் பின்னேரமே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டோம். இலேசில் பிறக்கவில்லை. பிள்ளை குறுக்கே சற்றுத் திரும்பியிருந்ததாம். டொக்டர் வந்துதான் எடுத்தார். கட்டுக்கரையில் கிடந்திருந்தால் நாங்கள் இருவரும் இல்லை என்று பிறகு தாதி சொன்னா. எனக்கு அந்த நேரம் ஒன்றே ஒன்றுதான் நினைவில் நிற்கிறது. எங்கோ தூரத்தில் ஒரு பூனைக்குட்டி கத்துகிறது, அதை யாராவது உள்ளே எடுக்கக் கூடாதா என்று நினைத்தேன். பிறகுதான் அது என் பிள்ளையின் அழுகை என்று விளங்கியது.

அம்மாவை உள்ளே விட்டபோது அவ தொட்டிலுக்குப் போகவில்லை. நேராக என்னிடம் வந்து, என் காதுக்குள் கேட்டா.

"அழுததோ?"

"அழுதது அம்மா. உங்களுக்குக் கேக்கயில்லையோ?"

"கேட்டது. வேற ஆரின்ர பிள்ளையோ எண்டு நினைச்சன்."

அப்போதுதான் பிள்ளை திரும்பவும் வாயைத் திறந்து வீறிட்டது. அம்மா அங்கேயே, கட்டிலுக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்திவிட்டா. தாதி ஓடிவந்து தூக்கப் பார்த்தா. அம்மா அவவின் கையைத் தட்டிவிட்டு, பிள்ளை அழுது முடியும்வரை அப்படியே இருந்து கேட்டா. பிள்ளையைப் பாலுக்குத் தாங்கோ என்று நான் கேட்டபோது, "கொஞ்சம் அழட்டும்" என்றா.

இனி நடந்ததை நான் பார்க்கவில்லை. என் கணவர் சொன்னது. பிள்ளைக்குத் துணி எடுக்க வீட்டுக்குப் போகவேண்டும் என்று அம்மா வெளிக்கிட்டாவாம். இவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூடப் போனார். ஆஸ்பத்திரி வாசல் காவலாளியிடம் அம்மா நின்று, "பேத்தி பிறந்திட்டாள். மே அஞ்சு" என்றாவாம். மீன் சந்தையில் ஒவ்வொரு பலகைக்கு முன்னாலும் நின்று சொன்னா. கோயில் வாசலில் கூட்டிக்கொண்டு நின்றவரிடம் சொன்னா. முன்பின் தெரியாத ஒரு முட்டை வியாபாரியின் சைக்கிளை மறித்தும் சொன்னா.

கடைசியில் எங்கள் தெரு முடிகிற தொங்கலில் இருந்த காவலரண். அங்கே நின்ற சிப்பாய் மீசை அரும்பாத பெடியன். அரைகுறைத் தமிழ்தான் தெரியும். அடையாள அட்டைக்குக் கை நீட்டினான். அம்மா அட்டையைக் கொடுத்துவிட்டு, "மே அஞ்சு. அழுதவள்" என்றா. அவனுக்கு அதில் மாதமும் இலக்கமும் மட்டும் பிடிபட்டிருக்க வேண்டும். அட்டையில் அம்மாவின் பிறந்த திகதியை விரல் வைத்துப் பார்த்தான். பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான். அது மே ஐந்து இல்லை. அட்டையைத் திருப்பிக் காட்டி, பிழை என்று கையால் சைகை செய்தான். இவருக்குப் பயத்தில் வியர்த்துவிட்டதாம்.

அம்மா அட்டையைப் பார்க்கவே இல்லை. அவனுக்கு நன்றாக விளங்கட்டும் என்று ஐந்து விரலையும் விரித்துக் காட்டினா. முப்பது வருடங்களுக்கு மேல் எவரிடமும் ஒரு நாளையும் உள்ளபடி சொல்லாத மனிசி, தெருவெல்லாம் கேட்கும்படி, அந்தப் பெடியனிடம் திரும்பத் திரும்பச் சொன்னா.

"மே அஞ்சு, தம்பி. இண்டைக்கு. மே அஞ்சு."